பெட்டியில் 65 வாட், திருப்பூர் வெயிலில் எத்தனை வாட்? கூலரும் போர்டும் வாங்கும் முன் ஒரு ஒப்பீடு

சித்திரை மாதம் வந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி இதற்காகத்தான்: "கம்ப்யூட்டர் காலையில நல்லா ஓடுது, மத்தியானம் படுத்துக்குது." இந்த முறை பேசியவர் திருப்பூர் காங்கயம் ரோட்டில் சாம்பிள் டிசைன் செய்யும் ஒரு தம்பி. பனியன் தைக்கும் முன்பே அதை முப்பரிமாணப் படமாக ரெண்டர் செய்து பையருக்கு அனுப்புவது அவர் வேலை. ரெண்டர் முழுக்க பிராசசரில்தான் ஓடும். ஐ7-13700, பெட்டியோடு வந்த கூலர், எச்610 போர்டு என்று ஒரே செட்டாக வாங்கியிருந்தார். இப்போது கூலரை மாற்றுவதா, போர்டை மாற்றுவதா, மொத்தமாக ஏஎம்டியின் ரைசனுக்குப் போவதா என்று குழப்பம்.

"ஏனுங்ணா, 65 வாட்டுன்னுதானுங்க போட்டிருக்குது. கூட வந்த கூலர் அதுக்குப் பத்தாதுங்களா?"

65 வாட்டுக்கு அந்தக் கூலர் பத்தும். அவருடைய பிராசசர் 65-ல் ஓடவில்லை என்பதுதான் சிக்கல். அதனால் கடைக்குப் போகும் முன் மூன்று எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## மூன்று எண்கள்

ஐ7-13700-க்கு இன்டெல் கொடுக்கும் அடிப்படைத் திறன் 65 வாட். அதிகபட்ச டர்போ திறன் 219 வாட். முதலாவதை பிஎல்1 என்றும் இரண்டாவதை பிஎல்2 என்றும் சொல்வார்கள். மூன்றாவது எண் டௌ. அது ஒரு நேர அளவு, இந்த வகை பிராசசருக்கு 28 விநாடி.

வேலை தொடங்கியதும் பிராசசர் பிஎல்2 வரை இழுக்கலாம். ஆனால் கடந்த சில விநாடிகளில் சராசரியாக எவ்வளவு இழுத்தது என்று அது கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சராசரி பிஎல்1-ஐத் தொட்டதும் வேகத்தைக் குறைத்து 65-க்குள் வந்துவிடும். 28 என்பது சராசரியை எடைபோடும் கால அளவு. ஸ்டாப்வாட்ச் வைத்து 28 வரை எண்ணக்கூடாது. எவ்வளவு அதிகமாக இழுக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அந்தச் சலுகை முடிந்துவிடும். எக்செல் திறப்பது, ஒரு ஃபில்டர் போடுவது போன்ற குட்டி வேலைகள் அந்த நேரத்துக்குள்ளேயே முடிந்துபோகும். முக்கால் மணி நேர ரெண்டருக்கு பிஎல்2 என்பது ஆரம்பத்தில் கிடைக்கும் ஒரு சின்ன உந்துதல், அவ்வளவுதான். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது பிஎல்1.

இங்கேதான் போர்டு உள்ளே நுழைகிறது. பல போர்டுகள் இன்டெல் சொன்ன 65-ஐ அப்படியே வைப்பதில்லை. முதல் தடவை பயாஸ் திறக்கும்போது `Boxed Cooler`, `Tower Air Cooler`, `Water Cooler` என்று கேட்கும் போர்டு உண்டு. அது கூலரைப் பற்றி விசாரிப்பது போலத் தெரியும், உண்மையில் வாட் வரம்பைத்தான் கேட்கிறது. கடைசி இரண்டில் எதைத் தொட்டாலும் வரம்பு இல்லாதது மாதிரிதான். விண்டோஸில் சூடு, வாட் எல்லாம் காட்டும் HWiNFO64 என்ற புரோகிராமைத் திறந்து `PL1 Power Limit (Static)` என்ற வரியைப் பாருங்கள். 65 இருந்தால் சரி. 253, 288, 4095 என்று இருந்தால் போர்டு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது என்று பொருள். தம்பியின் போர்டில் 4095 இருந்தது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விஷயம் பார்ப்பேன். முக்கால் மணி நேரம் கழித்தும் தாங்கக்கூடிய வாட் எவ்வளவு, அதை ஊட்டும் போர்டின் பவர் பகுதி சூடேறாமல் இருக்குமா, பஞ்சுத் தூசியில் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும், கெட்டுப்போனால் எத்தனை நாள் வேலை நிற்கும். முதல் கேள்விக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் வரும் கூலர் சோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் செய்யப்படுபவை. தம்பியின் அறை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி. மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அங்கே 38 டிகிரி. கரூர், ஈரோடு பக்கமும் இதே கதைதான்.

ஒரு கூலரின் திறமையை ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று அளந்தால் எந்த ஊருக்கும் கணக்குப் போடலாம். கேபினெட்டை மூடி, பிராசசரை ஒரே வாட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிராசசர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்து, வாட்டால் வகுக்க வேண்டும். தம்பியின் பெட்டிக் கூலரில் 34 டிகிரி அறையில், 65 வாட்டில், 82 டிகிரி வந்தது. 48-ஐ 65-ஆல் வகுத்தால் 0.74. இந்த பிராசசர் 100 டிகிரியில் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். ஐந்து டிகிரி கைவசம் வைத்து 95 என்று எடுத்துக்கொள்வோம்.

```
22 டிகிரி அறை: (95 - 22) / 0.74 = 99 வாட்
38 டிகிரி அறை: (95 - 38) / 0.74 = 77 வாட்
```

கூலர் அதேதான். அறை மாறியதில் 22 வாட் காணாமல் போய்விட்டது. இதே மாதிரி அதே பிராசசரில் நான் அளந்ததில் ஒற்றை டவர் கூலருக்கு 0.45, இரட்டை டவருக்கு 0.38, 360 மில்லிமீட்டர் நீர்க்கூலருக்கு 0.30 வந்தது. மே மாத மாடியில் அவை தாங்குவது முறையே 127, 150, 190 வாட். இந்தப் பட்டியலில் 219 எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச டர்போவை அந்த அறையில் நிரந்தரமாக ஓட்ட, நான் அளந்த எந்தக் கூலராலும் முடியாது.

## வழி 1: பெட்டிக் கூலர், எச்610 போர்டு

தம்பியிடம் இருந்தது இதுதான். வரம்பு 4095 என்பதால் ரெண்டர் தொடங்கிய நாலு விநாடியில் பிராசசர் 100 டிகிரியைத் தொட்டது. அங்கிருந்து சூட்டுக் குறைப்பு. ஃபேன் கத்த, 77 வாட் பக்கம் தள்ளாடிக்கொண்டே ஓடியது. இதுகூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் பத்து நிமிடம் கழித்து இன்னொன்று நடந்தது. வேகம் திடீரென்று 0.8 ஜிகாஹெர்ட்ஸுக்கு விழுந்தது, சில விநாடியில் மேலே வந்தது, மறுபடி விழுந்தது. கிராப் ரம்பப் பல் மாதிரி தெரிந்தது. அப்படி விழும்போது பிராசசர் சூடு 70-க்கும் கீழே.

பிராசசர் குளிர்ந்திருக்கும்போது வேகம் விழுந்தால் கூலரைக் குறை சொல்லக்கூடாது. HWiNFO64-ல் `Performance Limit Reasons` பகுதியை விரித்தால் `IA: VR Thermal Alert` எதிரே `Yes` என்று இருந்தது. அதாவது போர்டில் பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் மாஸ்ஃபெட்கள் கொதித்துவிட்டன. சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் வரிசையாக இருக்கும் குட்டிக் கருப்புச் சதுரங்கள்தான் அவை. பிராசசருக்கு ஏறத்தாழ 1.2 வோல்ட்தான் போகிறது என்பதால் 77 வாட்டுக்கே 60 ஆம்பியருக்கு மேல் அவை வழியாக ஓட வேண்டும். விலை குறைந்த எச்610 போர்டுகளில் அவற்றின் எண்ணிக்கையும் குறைவு, மேலே அலுமினியத் தகடும் இருக்காது. அவர் போர்டில் விரலை அருகில் கொண்டுபோனாலே அனல் அடித்தது. பிராசசர் சூட்டை வாங்கிய ஹீட்சிங்கைத் தாண்டி வந்த காற்றும் அவற்றின் மேலேதான் இறங்கியது.

இந்த நிலையில் அந்த ரெண்டருக்கு 52 நிமிடம் ஆனது. பயாஸில் `Long Duration Package Power Limit`-ஐ 65 என்று போட்டு, `Short Duration Package Power Limit`-ஐ 90 ஆக்கி மறுபடி ஓட்டினோம். 44 நிமிடம். ஒரு பைசா செலவில்லாமல், வரம்பைக் குறைத்ததாலேயே எட்டு நிமிடம் மிச்சம். அவருக்கு நம்பவே முடியவில்லை. விழுந்து எழுந்து ஓடுவதைவிட ஒரே சீராக நடப்பது முன்னே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இந்த வழி யாருக்கு நல்லது? பில் போடுவது, டேலி, ஆர்டர் ஷீட், அவ்வப்போது ஒரு டிசைன் என்று குட்டிக் குட்டி வேலை செய்பவர்களுக்கு. வரம்பை 65-ல் பூட்டிவிட்டால் இது குறை சொல்ல முடியாத மெஷின். மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. 219 வாட் போகக்கூடிய பிராசசருக்குக் காசு கொடுத்து 65-ல் ஓட்டுகிறீர்கள். அந்த வேலைக்கு ஐ5-12400 போதும். அதன் அதிகபட்சமே 117 வாட்தான்.

## வழி 2: இரட்டை டவர், ஹீட்சிங்க் உள்ள பி760 போர்டு, வரம்பு நம் கையில்

பிராசசரை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மாற்றுவது. பி760 போர்டில் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய முடியாது, ஆனால் வாட் வரம்பை மாற்றலாம். நமக்கு அது போதும். போர்டு வாங்கும்போது சிப்செட் பெயரைவிட படத்தைப் பாருங்கள். சாக்கெட்டின் இரண்டு பக்கமும் திருகு போட்டுப் பிடித்த தடிமனான ஹீட்சிங்க் இருக்க வேண்டும். பி760 என்ற பெயரிலேயே மொட்டையாக விற்கும் போர்டுகளும் இருக்கின்றன.

இரட்டை டவர் 38 டிகிரியில் 150 வாட் தாங்கும் என்று பார்த்தோம். நான் 150 போடவில்லை. தூசி படியும், தெர்மல் பேஸ்ட் காயும், அறை ஒரு நாள் 40-க்கும் போகும். அதனால் பிஎல்1-ஐ 125 என்றும் பிஎல்2-ஐ 160 என்றும் வைத்தோம். ரெண்டர் 32 நிமிடம். மதியம் மூன்று மணிக்கு, கேபினெட் மூடி, 86 டிகிரியில் நின்றது. `VR Thermal Alert` கடைசி வரை `No`.

இதில் கவனிக்க வேண்டியது கூலரின் உயரம். பெரும்பாலான இரட்டை டவர்கள் 155 மில்லிமீட்டருக்கு மேல். பழைய ஒல்லிக் கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது, கடைசியில் கேபினெட்டுக்கும் சேர்த்துச் செலவு வரும். எடை ஒரு கிலோவை நெருங்கும் என்பதால் மெஷினைப் படுக்க வைத்துத்தான் வண்டியில் கொண்டுபோக வேண்டும். 13-ஆம், 14-ஆம் தலைமுறை ஐ7 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அதிக வோல்டேஜ் கேட்டு பிராசசர் தேய்ந்துபோகும் பிரச்சினைக்கு 2024-ல் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. போர்டின் பயாஸ் மைக்ரோகோட் 0x12B அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு விட வேண்டும்.

## வழி 3: 360 நீர்க்கூலர், இசட்790 போர்டு

நண்பரிடம் இரவல் வாங்கிய நீர்க்கூலரை மாட்டி பிஎல்1-ஐ 190 வைத்துப் பார்த்தோம். 29 நிமிடம். 125 வாட்டைவிட மூன்று நிமிடம்தான் குறைவு. அந்த மூன்று நிமிடத்துக்காக 65 வாட் கூடுதலாகச் சூடாகி, ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் அந்த அறைக்குள்ளேயே இறங்குகிறது. ஒரு ரெண்டருக்குச் செலவாகும் மின்சாரம் 67 வாட்-மணியிலிருந்து 92 ஆகிறது. வேகமும் வாட்டும் ஒன்றாக ஏறுவதில்லை. மேலே போகப்போக ஒவ்வொரு வாட்டும் குறைவாகத்தான் வேலை செய்கிறது.

நீர்க்கூலரில் இன்னொரு பொறி உண்டு, வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. பெட்டிக் கூலர் காற்றைக் கீழே அடிக்கும், டவரும் கொஞ்சம் காற்றைச் சாக்கெட் பக்கம் நகர்த்தும். நீர்க்கூலரில் ஃபேன் எல்லாம் ரேடியேட்டருக்குப் போய்விடும். சாக்கெட்டைச் சுற்றி ஒரு பம்ப் மட்டும் உட்கார்ந்திருக்கும், காற்றே அசையாது. பிராசசர் குளிர்ந்து, போர்டு கொதிக்கும். அதனால்தான் நீர்க்கூலர் வாங்குபவருக்குப் போர்டும் பெரிதாகத் தேவைப்படுகிறது. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பஞ்சு அடுத்தது. தம்பியின் கூலரைக் கழற்றியபோது ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருந்தது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வந்தது, கம்பளித் துணி மாதிரி. கீழ்த்தளத்தில் ஓடும் நிட்டிங் மெஷினின் பஞ்சு. அதை எடுத்ததற்கே ஒன்பது டிகிரி குறைந்தது. டவரின் தகடு இடைவெளியில் ஒரு பெயின்ட் பிரஷ் நுழையும். ரேடியேட்டரின் தகடுகளோ நெருக்கமானவை, மடிப்பு மடிப்பானவை, மெல்லியவை. அழுத்திச் சுத்தம் செய்தால் வளைந்துவிடும். பம்ப் நின்றால் வாரன்டிக்கு அனுப்பி வரும் வரை மெஷின் சும்மா கிடக்கும். டவரில் ஃபேன் நின்றால் டவுன்ஹால் பக்கம் போய் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கி அன்று சாயங்காலமே ஓட்டலாம்.

ஏசி அறையில், நாள் முழுக்க ரெண்டர் மட்டுமே ஓடும் ஸ்டூடியோவுக்கு வழி 3 பொருந்தும். கோவையில் அப்படிச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே அறை 24 டிகிரி, பஞ்சும் இல்லை.

## வழி 4: ரைசன் 9 7900, பி650 போர்டு

புதிதாக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. இதன் பெட்டியிலும் 65 வாட் என்றுதான் இருக்கும். ஏஎம்டி கணக்கில் சாக்கெட்டுக்குப் போகும் உண்மையான வரம்பு அதன் 1.35 மடங்கு, அதாவது 88 வாட். இன்டெல்லின் டௌ மாதிரி "கொஞ்ச நேரத்துக்கு மட்டும்" என்ற கணக்கு இதில் இல்லை. முதல் நிமிடத்திலும் நாற்பதாவது நிமிடத்திலும் அதே 88. பெட்டியைப் பார்த்து ஏமாற வாய்ப்பு குறைவு.

அதே ரெண்டரை ஒரு 7900-ல் ஓட்டிப் பார்த்தோம். 33 நிமிடம், 48 வாட்-மணி. 88 வாட் என்பதால் நடுத்தர பி650 போர்டே தாராளம். கூட வரும் கூலரை மட்டும் நம்ப வேண்டாம். சிறிய சிப்புக்குள் சூடு குவிவதால் ரைசனில் ஒரு வாட்டுக்கு ஏறும் டிகிரி இன்டெல்லைவிட அதிகம். மே மாத மாடிக்கு ஒற்றை டவராவது போடுங்கள்.

ஏஎம்டியில் சூட்டைப் படிக்கும் விதமும் வேறு. 7700எக்ஸ், 7950எக்ஸ் போன்றவை முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. 95 பார்த்ததும் பதற வேண்டாம். வாட்டும் வேகமும் நேரம் ஆக ஆக இறங்குகிறதா என்று பாருங்கள். குளிர்ச்சி வேண்டுமென்றால் பயாஸில் `Eco Mode` போட்டு 88 வாட்டுக்கு இறக்கிவிடலாம்.

ஏற்கெனவே இன்டெல் வாங்கிவிட்டவருக்கு இது கட்டாது. பிராசசர், போர்டு, பழைய டிடிஆர்4 ராம் மூன்றும் மாற வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வழி 1 | வழி 2 | வழி 3 | வழி 4 |
|---|---|---|---|---|
| நாம் வைத்த நிலையான வாட் | 65 | 125 | 190 | 88 |
| தம்பியின் ரெண்டர் | 44 நிமிடம் | 32 நிமிடம் | 29 நிமிடம் | 33 நிமிடம் |
| போர்டில் தேவை | எதுவும் ஓடும், வரம்பைப் பூட்டினால் | ஹீட்சிங்க் கட்டாயம் | பெரிய ஹீட்சிங்க், காற்றும் வேண்டும் | நடுத்தரம் போதும் |
| பஞ்சுத் தூசி | பிரஷ் போதும் | பிரஷ் போதும் | ரேடியேட்டர் அடைக்கும் | பிரஷ் போதும் |
| மறைந்த செலவு | வாங்கிய பிராசசர் பாதிதான் உழைக்கும் | கேபினெட் உயரம் | போர்டு, பம்ப், அறைச் சூடு | ராமும் மாறலாம் |

தம்பி வழி 2 எடுத்தார். பிராசசரும் ராமும் கைவசம் இருக்கும்போது வேறு எதுவும் கட்டுப்படியாகாது. கூலருக்கு நாலாயிரம் ரூபாய் சுமார் ஆனது, போர்டுக்கு அதைவிடக் கூட. கையில் அப்போதைக்குப் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டார். போர்டைத்தான் என்றேன். பெட்டிக் கூலரோடு நல்ல போர்டு இருந்தால் 65-ல் நிம்மதியாக ஓடும், பிறகு கூலர் சேரும்போது வரம்பை ஏற்றலாம். மொட்டைப் போர்டில் பெரிய கூலரை மாட்டினால், அது கூடுதல் வாட்டை அனுமதிக்கும், மாஸ்ஃபெட்கள் இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.

புது செட் கடையிலிருந்து எடுக்கும்போது இரண்டு நிமிட டெமோ பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அதற்குள் கூலரும் போர்டும் முழுசாகச் சூடாகியிருக்காது. கேபினெட் கதவை மூடச் சொல்லி, முழு வேலையில் முப்பது நிமிடம் ஓடவிட்டு, HWiNFO64-ல் `CPU Package Power` கடைசி ஐந்து நிமிடம் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடவே கடையின் அறைச் சூட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கடை ஏசியில் 25 டிகிரி, உங்கள் மாடி 38 டிகிரி என்றால் அங்கே காட்டிய பிராசசர் சூட்டோடு 13-ஐக் கூட்டுங்கள். இன்டெல்லில் கூட்டியது 95-ஐத் தாண்டினால், அங்கேயே பயாஸ் திறந்து வரம்பைப் பத்துப் பத்து வாட்டாகக் குறைத்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

தம்பியின் மேஜைமேல் இப்போது ஒரு பெயின்ட் பிரஷ் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிட்டிங் மெஷின் நிற்கும் நாளில், கதவைத் திறந்து தட்டிவிடுகிறார்.